கெங்கம்மாளும் நியூயார்க் மத்தியானமும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர் போகிற கல்கத்தா ரோட்டில், லாரிகள் செக்போஸ்ட்டுக்காக வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், தணிகாசலம் மெரைன் ப்ராடக்ட்ஸ் என்று ஒரு இறால் கம்பெனி இருந்தது. போர்டு மட்டும் அமெரிக்காவிலிருந்தே படிக்கலாம் போலப் பெரிசு. உள்ளே போனால் நாற்பது பெண்கள் இறால் உரிக்கிற ஷெட் ஒன்று, கரண்ட் இருக்கிற நேரத்தில் ஓடுகிற ஃப்ரீசிங் பிளான்ட் ஒன்று, ஆபீஸ் என்ற பெயரில் ஒரு ரூம். அந்த ரூமில் ஒரு டைப்ரைட்டர், அதன் முன்னால் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

உட்கார்ந்திருந்தாள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். பழவேற்காடு ஏரியில் வலை போடுகிற குப்பனின் மகள் அவள். பதினைந்து வயசில் அம்மா கோவிந்தம்மாவோடு ஷெட்டுக்கு வந்தவள். ஐஸில் கிடக்கிற இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, நரம்பு எடுத்து, நாள் முழுக்க நின்றபடி வேலை. சாயங்காலம் விரல் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். நகக்கண் வெடித்து, வீட்டில் சோற்றைப் பிசைந்தால் உப்புப் பட்டு உயிர் போகும். இப்படியே நாலு வருஷம். அதில் கடைசி இரண்டு வருஷம், வேலை முடிந்து பொன்னேரி போய் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணினாள். இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்து மெஷின் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இவள் பொத்திக்கொள்ளவில்லை, அவளுக்கு அந்த வாசனை பழகிப் போயிருந்தது.

1970-இல் பழைய டைப்பிஸ்ட் கல்யாணமாகிப் போனதும், முதலாளி தணிகாசலம் அவளைத் தற்காலிகமாக உட்கார வைத்தார். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது மூன்று வயது. ஆர்டர் கிடையாது, சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஷெட் கூலி ரிஜிஸ்டரிலேயே பெயர், உரிக்கிற பெண்ணுக்கு என்ன தினக்கூலியோ அதேதான் இவளுக்கும். எப்போது வேண்டுமானாலும் "ஷெட்டுக்குப் போ" என்று சொல்ல முடியும். அவரும் மாசத்துக்கு இரண்டு தடவை, மறந்துவிடாமல் இருப்பதற்காகவோ என்னவோ, சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

டைப் அடிக்கிறது கெங்கம்மாள் என்றால், என்ன அடிக்க வேண்டும் என்று சொல்கிறவர் மேனேஜர் வீரராகவன். வெள்ளைக்காரன் கம்பெனியில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவர். திருநின்றவூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவர் என்பதால் மூர் மார்க்கெட் பக்கத்து ரயில் முதல் கும்மிடிப்பூண்டி ரயில் வரை எல்லா டைமும் நுனிநாக்கில் இருக்கும். அவருடைய இங்கிலீஷ் காதில் பன்னீர் தெளிக்கும். இந்த மாசத்தை 'இன்ஸ்டன்ட்' என்பார், போன மாசத்தை 'அல்டிமோ' என்பார், அடுத்த மாசத்தை 'ப்ராக்ஸிமோ' என்பார். "இருபதாம் தேதி ப்ராக்ஸிமோ" என்று செப்டம்பர் கடைசியில் எழுதின கடிதம் அக்டோபர் பத்தாம் தேதி அமெரிக்கா போய்ச் சேர்ந்தால், படிக்கிறவன் அக்டோபரா நவம்பரா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலாளி இன்னொரு தினுசு. அவருக்கு இங்கிலீஷில் அக்கறை இல்லை, கேபிளில் உள்ள வார்த்தைகளை எண்ணுவதில்தான் அக்கறை. அமெரிக்காவுக்குத் தந்தி என்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. ஒரு சொல்லுக்கு ஆகிற காசில் ஷெட்டில் ஒரு பெண் ஒரு நாள் முழுக்க உரிப்பாள். ஆகவே கெங்கம்மாள் அடித்து நீட்டுகிற தாளை வாங்கி, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணி, இரண்டையாவது அடித்துவிட்டால்தான் அவருக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கும். 'செவன்த் ஜூன்' என்றால் இரண்டு சொல். '7/6' என்றால் ஒன்று. அதுதான் அவர் கண்டுபிடித்த சிக்கனம்.

இந்த மூன்று பேரும் சேர்ந்து 1972-இல் ஒரு கூத்து அடித்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவன் கிலோவுக்கு இத்தனை டாலர் என்று எழுதியிருந்தான். முதலாளி அதை ஏழரையால் பெருக்கிப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஷெட்டில் எல்லோருக்கும் கேசரி. மூன்றாம் நாள் பேங்கிலிருந்து சொன்னார்கள், ஐயா, அது சிங்கப்பூர் டாலர், அமெரிக்க டாலரில் பாதிகூட வராது என்று. கேசரி ஜீரணமாகிவிட்டது, திருப்பி வாங்க முடியாது. "டாலர்னா டாலர்தானே, அதுல இன்னா ஜாதி" என்று முதலாளி இரண்டு நாள் புலம்பினார்.

சிங்கப்பூர் விஷயத்தில் நஷ்டம் கேசரியோடு போயிற்று. 1973 ஜூன் மாசத்தில் அடிபட்டது அப்படி இல்லை.

நியூயார்க்கில் வில்மாட் அண்ட் க்ரே என்று ஒரு கம்பெனி முதல்முறையாகப் பெரிய ஆர்டர் கொடுத்தது. 6/7/73-க்குள் கப்பல் ஏற வேண்டும் என்று ஏப்ரலில் கடிதம். வீரராகவன் படித்தார்: ஜூலை ஆறு. முதலாளி கேபிள் கொடுத்தார்: 6/7 சம்மதம். அவன் பதில் கொடுத்தான்: 6/7 நன்றி. இரண்டு பக்கமும் ஒரே எண்ணை மாற்றி மாற்றி எழுதி உறுதி செய்துகொண்டார்கள். மே கடைசியில் மெட்ராஸ் பேங்குக்கு அவன் திறந்த லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது சரக்கு கப்பல் ஏறினால் பணம் தருகிறோம் என்று பேங்க் கொடுக்கிற எல்.சி., வந்தது. அதில் கப்பல் ஏற வேண்டிய கடைசி நாள் 'ஜூன் 7' என்று எழுத்தில் இருந்தது. வீரராகவன் சிரித்தார்.

"பேங்க்காரன் தப்பா அடிச்சிருக்கான். நம்ம பொண்ணே தேவலாம்," என்று சொல்லிவிட்டு, தப்பைத் திருத்தும்படி நாலு பத்தியில் பன்னீர் தெளித்து ஒரு கடிதம் எழுதினார். ஏர்மெயிலில்தான். அதற்குப் பதில் வருவதற்குள் ஜூன் ஏழு வந்து, போயேவிட்டது. ஷெட்டில் பாதி இறால்கூட உரித்து முடியவில்லை. அமெரிக்காக்காரன் ஆர்டரை ரத்து செய்துவிட்டு, இவ்வளவு தெளிவாகத் தேதி சொல்லியும் இப்படிச் செய்தீர்களே என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தான். சரக்கு மெட்ராஸ் வியாபாரி குப்புராஜுக்குப் பாதி விலைக்குப் போயிற்று.

பழி எங்கே வந்து விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"டைப்பு அடிக்கிறது நீ தானே," என்றார் முதலாளி. "கண்ணு இன்னா பொடனியிலயா கீது? இன்னொரு தபா தேதி தப்பாச்சுன்னு வச்சிக்கோ, நேரா ஷெட்டுதான். உங்கம்மா பக்கத்துல எடம் காலியாத்தான் கீது."

வீரராகவன் ஜன்னல் வழியே ரோட்டில் போகிற லாரியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. சொன்னதை அடித்தேன், அடித்ததற்கு உதையா என்று. அந்த வாரம் முழுக்க, மேனேஜர் நாலு பத்து ரயிலுக்குக் கிளம்பினதும், நியூயார்க் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து படித்தாள். ஒரு கடிதத்தின் தலையில் 4/23/73 என்று இருந்தது. இரண்டு தடவை பார்த்தாள். இருபத்து மூன்றாவது மாசம் எந்த ஊரிலும் கிடையாது. அப்படியென்றால் அந்த ஊர்க்காரன் மாசத்தை முதலில் போடுகிறான், நாளை அப்புறம் போடுகிறான். 6/7 என்றால் அவனுக்கு ஜூன் ஏழுதான். பேங்க்காரன் சரியாகத்தான் அடித்திருந்தான்.

அதே கடிதத்தின் அடியில் இன்னொரு விஷயம் இருந்தது. வருகிற ஞாயிறு முதல் எங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறோம், டெலிபோன் பேசுவதானால் கவனிக்கவும் என்று எழுதியிருந்தான். அதன் ஓரத்தில் வீரராகவன் பச்சை மையில் 'அவர்கள் கடிகாரம் ரிப்பேர் போலும்' என்று குறித்து ஃபைல் பண்ணியிருந்தார்.

கெங்கம்மாள் பேங்க் கொடுத்த டைரியைப் புரட்டினாள். முன்பக்கத்தில் உலக நகரங்களின் நேரம் போட்டிருந்தது. இந்தியாவைவிட நியூயார்க் பத்தரை மணி நேரம் பின்னால். கடிகாரத்தைத் தள்ளின மாசங்களில் ஒன்பதரை. எப்போது திருப்பி வைப்பான் என்பது டைரியில் இல்லை, ஃபைலிலும் இல்லை. சரி, எது முந்தி வருகிறதோ அதையே கெடுவாக வைத்துக்கொண்டால் மோசம் போகாது என்று முடிவு செய்துகொண்டாள்.

அதற்கப்புறம் அவள் விரல்கள் தாமாகவே மேனேஜர் சொன்னதை மாற்றி அடிக்க ஆரம்பித்தன. 'இருபதாம் தேதி ப்ராக்ஸிமோ' என்று அவர் சொன்னால் '20 செப்டம்பர் 1973' என்று அடிப்பாள். 'டாலர்' என்றால் 'அமெரிக்க டாலர்' என்று அடிப்பாள். மூன்றாவது கடிதத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இது என்ன, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதின மாதிரி?" என்று வீரராகவன் தாளை ஆட்டினார். "நான் சொன்னது எங்கே?"

"படிக்கிறவனுக்குப் புரியணுமே சார்."

"புரியறது முக்கியமில்ல. கம்பெனிக்கு ஒரு கௌரவம் வேணும். இருபது வருஷம் துரைங்களுக்கு எழுதின இங்கிலீஷ் இது."

"அந்த தொரைங்க லண்டன்காரங்க சார். இவன் வேற ஊர்க்காரன். இவன் மாசத்தைத்தான் மொதல்ல போட்றான்."

"அவன் தப்பாப் போட்டா நானும் தப்பாப் போடணுமா?"

"நம்ம மாதிரியும் வேணாம், அவன் மாதிரியும் வேணாம் சார். மாசத்தை எழுத்துல போட்டுட்டா சண்டையே இல்ல."

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே மூன்று மாசம் ஓடியது. வீரராகவன் பழைய மாதிரியே சொன்னார், இவள் புது மாதிரியே அடித்தாள், சில நாள் அவர் பார்த்தார், சில நாள் ரயில் நேரம் ஆகிவிட்டதால் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். புரட்டாசி பிறக்கிற சமயத்தில் வில்மாட் அண்ட் க்ரே மனசு இரங்கி, மறுபடியும் விலை கேட்டு எழுதினான். தணிகாசலம் விலை சொன்னார். அதற்குள் ஃப்ரீசரில் நானூறு அட்டைப்பெட்டி சரக்கு சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் ஐம்பது பவுண்டு, எல்லாம் ஷெட்டில் உரித்தது. பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். கெங்கம்மாளுக்கு மட்டும் அந்தப் பதில் ஆர்டரைப் பற்றியது இல்லை. இந்த முறை கோணினால் அவள் ஐஸில் கை வைக்க வேண்டும். அம்மாவின் விரல்களைத் தினமும் பார்க்கிறாள். பயமாக இருந்தது.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தந்திக்காரர் முனுசாமி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேபிளைக் கொண்டுவந்து கொடுத்தார். வீரராகவன் படித்துச் சொன்னார்: நானூறு பெட்டி, பவுண்டுக்கு ஒரு டாலர் நாற்பத்திரண்டு சென்ட், நியூயார்க் வரை கப்பல் கூலி உங்களுடையது, நவம்பர் முப்பதுக்குள் கப்பல் ஏற வேண்டும், சம்மதம் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள் இங்கே கிடைக்க வேண்டும்.

முதலாளி கேட்ட விலையில் மூன்று சென்ட்தான் குறைச்சல். முகம் ஒரு நொடி பிரகாசமானது. அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் காலண்டரைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளிக்கெழமை. பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம்," என்றார். "சம்மதம்னு ஒரு எழுத்து எழுத முடியாது. ராகு காலம் முடியறப்போ அவன் கெடுவும் முடியுது. பாவி, பன்னெண்டுக்குள்ளாரன்னு போட்டுருக்கானே."

ராகு காலத்தில் தணிகாசலம் கையெழுத்துப் போட மாட்டார், செக் எழுத மாட்டார், லாரியை கேட்டைத் தாண்ட விட மாட்டார். ஒருமுறை ராகு காலத்தில் பிளான்ட்டில் தீப்பொறி பறந்தபோது, ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணலாமா என்று யோசித்தவர்.

"ராகு காலத்தை விடுங்கோ," என்றார் வீரராகவன். "மணி பதினொண்ணு. இப்போ கொடுத்தாலும் ஒரு மணி நேரத்துல கேபிள் அமெரிக்கா போய்ச் சேராது. கெடு முடிஞ்ச மாதிரிதான். வருத்தம் தெரிவிச்சு ஒரு லெட்டர் போட்டுடலாம். யுவர் எஸ்டீம்ட் கேபிள் டு ஹேண்ட்..."

முதலாளி காதில் அது விழவில்லை. டெலிபோனைத் தூக்கி மெட்ராஸில் குப்புராஜைப் பிடித்தார். "குப்புராஜு, சரக்கு கீது. வண்டி எட்த்துக்கினு வா. டப்பு கையோட கொண்டா," என்றார். ராகு காலத்தில் போன் பேசலாமா என்று கேட்கிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

கேபிள் மேஜைமேல் கிடந்தது. கெங்கம்மாள் எடுத்துப் பார்த்தாள். கேபிளின் தலையில், செய்திக்கு முன்னால், யாரும் படிக்காத ஒரு வரி இருக்கும். அனுப்பின ஊர், எத்தனை சொல், கொடுத்த தேதி, கொடுத்த நேரம். கும்மிடிப்பூண்டி தந்தி ஆபீஸில் ஒருமுறை அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள், அந்த நேரம் அனுப்புகிற ஊர்க் கடிகாரம் என்று. இதில் ஊரும் தேதியும் நேரமும் இப்படி இருந்தன: நியூயார்க், 18, 1640.

அவள் மனசுக்குள் மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்து தப்பாகப் போனால் ஷெட். திறக்காமல் இருந்தாலும், அமெரிக்க ஆர்டர் மறுபடி போனதற்குப் பழி தேடுவார்கள், ஷெட்தான். இரண்டும் ஒன்றுதான் என்றால் வாயைத் திறந்துவிட்டே போகலாம் என்று தோன்றியது.

"முதலாளி, அவன் சொன்ன பன்னெண்டு நம்ம பன்னெண்டு இல்ல."

"பின்ன எவன் பன்னெண்டு?"

"அவன் ஊரு பன்னெண்டு. இதப் பாருங்க. பதினெட்டாந் தேதி சாயங்காலம் நாலு நாப்பதுக்கு அவன் இத குடுத்துருக்கான். அது அவங்க ஊரு நேரம். நமக்கு அது ராத்திரி ரெண்டு பத்து. நம்ம தூங்கினு இருந்தோம்."

"இன்னா கணக்கு இது, காலையிலயே பேஜாரு பண்ற," என்றார் முதலாளி. ஆனாலும் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஒம்பதரை மணி நேரம் நம்மவிட அவன் பின்னாடி. நம்ம பன்னெண்டு மணிக்கு அங்க ராத்திரி ரெண்டரை. ராத்திரி ரெண்டரைக்குள்ள பதில் வேணும்னு எவனாவது கேப்பானா? அந்த நேரத்துக்கு யாரு கடைய தெறந்து வச்சிக்கினு குந்தியிருப்பான்? இங்கே கிடைக்கணும்னு எழுதியிருக்கான் பாருங்க. அவன் ஆபீஸ்ல, அவன் கடிகாரத்துல. அப்போ நமக்கு ராத்திரி ஒம்பதரை."

வெளியே லாரி ஒன்று ஹார்ன் அடித்தது. வீரராகவன் கேபிளை வாங்கி, கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டு, தலைவரியைப் படித்தார். இருபது வருஷத்தில் அந்த வரியை அவர் படித்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் ரயில் டைம்டேபிள் மூளை அல்லவா, கணக்கு சட்டென்று பிடிபட்டது.

"சரிதான்," என்றார் மெதுவாக. "வண்டி எந்த ஸ்டேஷன்ல நிக்கறதோ அந்த ஸ்டேஷன் கடிகாரம்தான் கணக்கு." அந்த மனிதருக்குள்ளும் ஒரு நேர்மை இருந்தது, ரயில் மொழியில் சொன்னால்தான் அது வெளியே வரும்.

"அப்போ பன்னெண்டுக்கு மேல ராகு காலம் போனப்புறம் கைழுத்து போடலாம்," என்றார் முதலாளி. அவருடைய உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது. "சாதா கேபிளே போதும். ஒம்பதரை வரைக்கும் டைம் கீதே."

கெங்கம்மாளுக்கு அது சரியாகப் படவில்லை. சாதா கேபிள் மெட்ராஸில் குவியலில் மாட்டினால் மறுநாள் வரை தூங்கும், போன வருஷம் ஒன்று தூங்கியிருக்கிறது. அர்ஜென்ட் என்றால் இரட்டைக் கட்டணம். இரட்டைக் கட்டணம் என்ற சொல்லை இந்த மனிதரிடம் நேராகச் சொல்ல முடியாது. ஒரு நிமிஷம் யோசித்தாள். சொல்லப் போவதை நினைத்தபோதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"முதலாளி, அங்கயும் இன்னிக்கு வெள்ளிக்கெழமதானே?"

"ஆமா."

"அப்போ அங்கயும் பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குமே. நம்ம சம்மதம் அவன் கைல ராகு காலத்துலயா போய்ச் சேரணும்?"

தணிகாசலம் நிமிர்ந்தார். இந்தக் கோணத்தில் அமெரிக்காவை அவர் யோசித்ததே இல்லை. "அவனுக்கு ராகு காலம் உண்டா?" என்று மேனேஜரைக் கேட்டார்.

"சூரியன் எல்லாருக்கும் உதிக்கறதே," என்றார் வீரராகவன். கெங்கம்மாளைப் பார்க்காமலே சொன்னார்.

"அங்க பத்தரைன்னா நமக்கு எப்போ?"

"ராத்திரி எட்டு," என்றாள் கெங்கம்மாள். "அர்ஜென்ட்ல குடுத்தா அவன் கடைய தெறக்கசொல்ல மேஜை மேல இருக்கும்."

"அர்ஜென்ட்டே குடு," என்றார் முதலாளி. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது.

பதில் எழுதுகிற வேலை இருந்தது. வீரராகவன் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்: பதினெட்டு இன்ஸ்டன்ட் சம்மதம், எல்.சி. 5/11-க்குள். கெங்கம்மாள் கை மெஷின்மேல் நின்றது.

"சார், நம்ம கெடு இது. அஞ்சு பதினொண்ணுன்னு போட்டா அவன் மே மாசம் பதினொண்ணாம் தேதின்னு படிப்பான். அடுத்த வருஷம் மே மாசம் வரைக்கும் எல்.சி. தெறக்காம குந்திகினு இருப்பான்."

வீரராகவன் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீயே சொல்லு," என்றார். அப்படி அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

அவள் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷைச் செதுக்கிக் கொடுத்தார், அவள் அடித்தாள். உங்கள் அக்டோபர் பதினெட்டாம் தேதிக் கேபிளுக்கு முழுச் சம்மதம். நானூறு பெட்டி, பெட்டிக்கு ஐம்பது பவுண்டு. பவுண்டுக்கு அமெரிக்க டாலர் ஒன்று புள்ளி நான்கு இரண்டு, நியூயார்க் வரை கூலி உட்பட. மெட்ராஸில் கப்பல் ஏறும் கடைசி நாள் நவம்பர் முப்பது 1973. எல்.சி. மெட்ராஸ் பேங்குக்கு வர வேண்டிய கடைசி நாள் நவம்பர் ஐந்து, இந்தியத் தேதி. சம்மதம் கிடைத்ததை உறுதி செய்து கேபிள் கொடுக்கவும்.

முதலாளி பென்சிலை எடுத்து எண்ணினார். முகம் சுண்டியது. '1973' மேல் பென்சில் நின்றது.

"வருஷம் எதுக்கு? இந்த வருஷம்தான்னு அவனுக்குத் தெரியாதா?"

"ஜூன் மாசம் எவ்ளோ நஷ்டம் முதலாளி?" என்று கெங்கம்மாள் கேட்டாள்.

பென்சிலை வைத்துவிட்டார். கடிகாரம் பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம் ஆனபிறகு, இன்னும் இரண்டு நிமிஷம் சேர்த்து வைத்து, பிள்ளையார் சுழி போட்டுக் கையெழுத்திட்டார். கெங்கம்மாளே பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டி தந்தி ஆபீஸுக்குப் போய், அர்ஜென்ட் என்று எழுதி, பணம் கட்டி, கொடுத்த நேரம் பன்னிரண்டு ஐம்பது என்று ரசீதில் வாங்கிக்கொண்டு வந்தாள். திரும்பி வரும்போது கேட்டில் குப்புராஜின் வேன் நின்றது. குப்புராஜ் இறங்கி, ஃப்ரீசர் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"சரக்கு இல்லப்பா," என்றார் தணிகாசலம்.

"போன்ல இருக்குதுன்னு சொன்னியே அண்ணே."

"ராகு காலத்துல சொன்னேன். அது செல்லாது."

குப்புராஜ் முணுமுணுத்துக்கொண்டே வெறும் வண்டியைத் திருப்பினார். டீ கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலம் ஷெட் விட்டு வந்த கோவிந்தம்மா, மகள் சோறு தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன ஏது என்று கேட்டாள். நாளைக்குத் தெரியும் என்றாள் கெங்கம்மாள். அவன் எப்போது கடிகாரத்தைத் திருப்பி வைப்பான், கேபிள் மெட்ராஸ் தாண்டியதா, இங்கே என்றால் அங்கேதானா என்று ஒவ்வொன்றாகப் பயந்து பார்த்துவிட்டுத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு முனுசாமி மறுபடி வந்தார். இந்தமுறை முதலாளியே எழுந்து வாசலுக்குப் போனார். சம்மதம் வெள்ளிக்கிழமை காலை கிடைத்தது, ஒப்பந்தம் உறுதி, எல்.சி. அக்டோபர் 22 திங்கட்கிழமை திறக்கிறோம், இவ்வளவு தெளிவான கேபிளுக்கு நன்றி என்று வந்திருந்தது. நன்றிக்குக்கூடக் காசு கொடுத்து ஒருவன் கேபிள் அனுப்பியிருக்கிறான் என்பதில் தணிகாசலம் ஆடிப்போய்விட்டார். ஷெட்டுக்கு ஆள் அனுப்பிச் செய்தி சொன்னார். கேசரி பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

"இந்தாம்மா கெங்கா," என்றார். "நீ இனிமே ஷெட்டு கிட்டுன்னு பயப்பட வேணாம். இந்த நாற்காலி ஒனக்குத்தான். நான் சொல்லிட்டேன்."

கெங்கம்மாளுக்கு உடம்பெல்லாம் லேசானது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வருஷமாக இந்த மனிதர் வாயால் சொன்னது எதுவும் மறுவாரம் வரை நின்றதில்லை என்பதும் ஞாபகம் வந்தது. டைப்ரைட்டரில் ஒரு கம்பெனி லெட்டர்ஹெட்டைச் சொருகினாள்.

"எழுதிக் குட்த்துடுங்க முதலாளி."

"அதான் சொன்னேனே."

"நீங்க சொல்லுங்க, நான் அடிச்சிட்றேன்."

தணிகாசலம் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கெங்கம்மாள், டைப்பிஸ்ட், நிரந்தரம். அடுத்த மாசத்திலேர்ந்து."

"அடுத்த மாசம்னா எந்த மாசம்?"

"அடுத்த மாசம்னா... நவம்பர்."

"ஒண்ணாந் தேதியா?"

"ஒண்ணாந் தேதிதான்மா."

அவள் அடித்தாள்: 1 நவம்பர் 1973 முதல்.

"சம்பளம் நூத்தம்பது."

"நூத்தம்பது இன்னா?"

"ரூபாதான். பின்ன டாலரா குடுக்கப் போறேன்?"

"மாசத்துக்கா?"

"மாசத்துக்கு," என்றார் வீரராகவன், முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்னால்.

எண்ணிலும் எழுத்திலும் அடித்து, தாளை உருவி, கார்பன் காப்பியோடு முதலாளி முன்னால் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். வார்த்தைகளை எண்ணவில்லை. கையெழுத்துப் போட்டு, அதன் கீழே பழக்கப்படி 20/10/73 என்று போட்டு நீட்டினார்.

கெங்கம்மாள் அதை வாங்கவில்லை. விரலை அந்தத் தேதியின்மேல் வைத்தாள்.

"மாசத்தை எழுத்துல போடுங்க முதலாளி."

தணிகாசலம் பேனாவை மறுபடி திறந்து, நடுவில் இருந்த 10-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் அக்டோபர் என்று எழுதினார்.